வீட்டுப்பாடப் படம் செயலிக்குப் போய்ச் சேராதது ஏன்? ஆறாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு ஒரு குறிப்பு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பின்னக் கணக்கு வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்தியபோது, சில பிள்ளைகளின் நோட்டில் நான் கொடுக்காத ஒரு கணக்கு இருந்தது. நான் கொடுத்தது 5¼ இலிருந்து 2⅔ ஐக் கழிக்கும் கலப்புப் பின்னக் கணக்கு. நோட்டில் இருந்ததோ ¾ இலிருந்து ½ ஐக் கழித்து ¼ என்று முடித்த கணக்கு. வரி பிசகாமல், பகுதிகளைச் சமப்படுத்தி, விடைக்கு அடியில் கோடும் போட்டு எழுதியிருந்தார்கள். வெவ்வேறு தெருக்களில் இருக்கும் பிள்ளைகள் ஒரே கணக்கை ஒரே மாதிரி எழுதியிருந்ததால், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றும். விசாரித்தபோது அப்படி இல்லை என்று தெரிந்தது. புரியாத கணக்கைப் படம் எடுத்து அனுப்பினால் விளக்கம் தரும் பாடப் பயிற்சிச் செயலியிலிருந்துதான் எல்லாருக்கும் அந்தக் கணக்கு கிடைத்திருக்கிறது.

அவர்களில் ஒரு பிள்ளையின் தாய் தம் செல்போனைப் பள்ளிக்கே கொண்டுவந்து காட்டினார். “போட்டோ போயிட்டு டீச்சர், அதுதான் பார்க்க மாட்டேங்கு” என்பது அவருடைய மனக்குறை. செயலியைத் திறந்து பார்த்தால், “பின்னம் கழித்தல், 3ஆவது கணக்கு, சொல்லித் தரவும்” என்று அவர் தட்டச்சு செய்த வரி இருந்தது. அதற்கு வந்த விடையின் முதல் வரியில், படம் எதுவும் இணைக்கப்படவில்லை என்றும், அதனால் பின்னக் கழித்தலுக்கு ஒரு மாதிரிக் கணக்கு கொடுக்கப்படுகிறது என்றும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. பிள்ளை அந்த வரியைப் படிக்காமல், எண்கள் தொடங்கும் இடத்திலிருந்து நோட்டில் எழுதியிருக்கிறது. ஆகவே பிள்ளைகள் திருடி எழுதவில்லை, செயலியும் தவறான விடை தரவில்லை. நடந்தது ஒன்றே ஒன்றுதான்: படம் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை.

இதன் காரணத்தைக் கண்டுபிடித்த விதத்தை முறையாக எழுதுகிறேன். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப அனுப்பினால் ஒவ்வொரு இரவும் இதேதான் நடக்கும்.

முதலில் எல்லாரும் ஐயப்பட்டது படத்தின் தெளிவை. அந்தத் தாய் சமையலறை விளக்கின் கீழ் நோட்டை வைத்து, நிழல் விழாமல் மறுபடியும் படம் எடுத்து அனுப்பினார். விடை மாறவில்லை. படம் தெளிவில்லை என்பதும் படம் இல்லை என்பதும் இரண்டு வேறு செய்திகள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எழுத்து மங்கலாக இருப்பதாகவோ எண் சரியாகத் தெரியவில்லை என்பதாகவோ விடை வந்தால், படம் போய்ச் சேர்ந்துவிட்டது, வெளிச்சத்தைச் சரிசெய்தால் போதும். படமே இல்லை என்று வந்தால், எத்தனை விளக்குகளை ஏற்றி எடுத்தாலும் பயனில்லை. அப்போது பார்க்க வேண்டியது படம் போகும் வழியைத்தான்.

அடுத்த ஐயம் சிக்னல். மலையடிவாரத்துத் தெருக்களில் வீட்டுக்குள் சிக்னல் குறைவது நமக்குத் தெரிந்ததே. ஆனால் அதே வீட்டிலிருந்து அதே இரவில் வாட்ஸ்அப்பில் படங்கள் போயிருந்தன, உறவினர்கள் பதிலும் அனுப்பியிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் போகிறது, செயலிக்குப் போகவில்லை என்றால் செயலியில்தான் கோளாறு என்று பெற்றோர் பலர் முடிவுகட்டியது இதனால்தான். அதைச் சோதிக்க, காலை வகுப்பு தொடங்கும் முன் பள்ளி வராந்தாவில் வைத்து, அதே செல்போனில், முந்தைய இரவு போகாத அதே படத்தை, அதே செயலிக்கு அனுப்பச் சொன்னேன். அரை நிமிடத்துக்குள் போய்விட்டது. விடையில் 5¼ என்ற எண் சரியாக வந்தது. எனவே செல்போனிலும் கோளாறு இல்லை, செயலியிலும் இல்லை. இரவுக்கும் காலைக்கும் இடையே என்ன மாறியது என்பதுதான் மிஞ்சிய கேள்வி.

அதற்கான விடை குறுஞ்செய்திப் பெட்டியில் இருந்தது. அன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு முந்தைய மாலையே வந்திருக்கிறது. அது ஆங்கிலத்தில் இருந்ததாலும், நாள்தோறும் வரும் விளம்பரச் செய்திகளுக்கு நடுவே கிடந்ததாலும் யாரும் திறந்து பார்க்கவில்லை. அவர்கள் வீட்டில் ஒரே செல்போன். வாழைத்தார் ஏற்றிப் போகும் வேலை இருக்கும் நாள்களில் அதிகாலையில் தந்தை அதை எடுத்துக்கொண்டு போகிறார். மாலை திரும்பியதும் மூத்த பையன் கிரிக்கெட் பார்க்கிறான். தாய் பீடி சுற்றி முடித்து, சமையலையும் முடித்து, பிள்ளையின் நோட்டைக் கையில் எடுக்கும் நேரத்தில் ஒரு நாளைக்கு உரிய 1.5 ஜிபி தீர்ந்துபோகிறது. நாளுக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படும் ரீசார்ஜ்களில் அந்த அளவு தீர்ந்ததும் இணையம் முழுவதாக நின்றுவிடுவதில்லை. வேகம் நொடிக்கு 64 கிலோபிட் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. நள்ளிரவு கடந்த பின்புதான் பழைய வேகம் திரும்புகிறது.

இணையம் நிற்காமல் மெதுவாவதுதான் நம்மை ஏமாற்றுகிறது. முற்றிலும் நின்றிருந்தால் எதுவும் போகாது, நாமும் புரிந்துகொள்வோம். மெதுவான இணையத்தில் எழுத்துச் செய்தி உடனே போய்விடும், பெரிய படம் போகாது. வாய்க்கால் மேல் போட்ட பனந்தடியில் ஆள் நடந்து போய்விடலாம், வைக்கோல் வண்டி போக முடியாது.

இதை எண்களில் பார்த்தால் இன்னும் விளங்கும். கேலரியில் அந்தப் படத்தைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி `Details` என்பதைப் பார்த்தோம். படத்தின் அளவு 8 எம்பி. சில செல்போன்களில் மூன்று புள்ளிகளுக்குப் பதிலாகப் படத்தை விரலால் மேலே தள்ளினால் இந்த விவரம் வரும். ஒரு எம்பி என்பது ஏறத்தாழ 8,000 கிலோபிட். ஆக 8 எம்பி என்பது 64,000 கிலோபிட். நொடிக்கு 64 கிலோபிட் போனால் அதற்கு 1,000 நொடி, அதாவது 16 நிமிடத்துக்கும் மேல் ஆகும். அதுவும் இடையில் ஒரு தடையும் இல்லாமல் இருந்தால்தான். அந்தச் செல்போனிலோ 30 நொடி தொடாமல் இருந்தால் திரை அணைந்துவிடும்படி அமைத்திருந்தார்கள். திரை அணைந்ததும் செயலி பின்னணிக்குப் போய், படம் ஏற்றுவதை நிறுத்திவிடுகிறது. 16 நிமிட வேலைக்கு 30 நொடி அவகாசம் கொடுத்தால் அது எப்படி முடியும்?

வாட்ஸ்அப்பில் மட்டும் படம் போனதற்கும் இதே கணக்கு விடை சொல்கிறது. வாட்ஸ்அப் நாம் கொடுக்கும் படத்தை அப்படியே அனுப்புவதில்லை. முதலில் சிறிதாக்கிவிட்டுத்தான் அனுப்புகிறது. அதே 8 எம்பி படம் வாட்ஸ்அப் வழியாகப் போனபோது 240 கேபி ஆகியிருந்தது. அதற்கு 64 கிலோபிட் வேகத்திலும் 30 நொடி போதும். மேலும் திரை அணைந்தாலும் அது பின்னணியில் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். நம் பாடப் பயிற்சிச் செயலி எடுத்த படத்தை எடுத்தபடியே ஏற்ற முயல்கிறது.

இன்னொன்றும் இங்கே சேர்ந்துகொண்டது. படத்தைத் தேர்ந்தெடுத்த உடனே அதன் சிறிய உருவம் தட்டச்சுக் கட்டத்துக்கு மேலே தோன்றுகிறது. அது தோன்றியதும் படம் போய்விட்டது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அது உங்கள் செல்போனிலேயே இருக்கும் படத்தின் நிழல், அதைக் காட்டுவதற்கு இணையமே வேண்டாம். அதன் மேல் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வட்டம் மறைந்தால்தான் படம் ஏறி முடிந்தது என்று பொருள். வட்டம் சுற்றும்போதே அம்புக்குறியை அழுத்தினால், செயலி எழுத்தை மட்டும் அனுப்பிவிட்டுப் படத்தை விட்டுவிடுகிறது. நம் பெற்றோர் பலருக்கும் நடந்தது இதுதான்.

காரணம் புரிந்ததும், அன்று இரவே, டேட்டா தீர்ந்த நிலையிலேயே, அந்தத் தாயின் வீட்டில் உட்கார்ந்து புதிய முறையைச் சோதித்தோம். காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் செல்போன் விடியும் முன்பே வெளியே போய்விடும் வீட்டுக்கு அது பொருந்தாது. பிள்ளைக்குச் சந்தேகம் வருவது இரவில் என்றால், இரவிலேயே போகும் வழிதான் வேண்டும். கூடுதல் டேட்டாவுக்குப் பணம் செலவழிக்கச் சொல்லவும் எனக்கு மனமில்லை. ஒரு கணக்கின் படத்துக்குத் தேவைப்படுவது கால் எம்பி. 1.5 ஜிபியில் அது ஆறாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வாட்ஸ்அப் படத்தைச் சிறிதாக்குகிறது என்றால் அந்தச் சிறிய படத்தையே செயலிக்குக் கொடுக்கலாம் என்பதுதான் நாங்கள் எடுத்துக்கொண்ட வழி. வாட்ஸ்அப்பில் புதிய உரையாடலைத் தொடங்கும் பட்டியலில் உங்கள் எண்ணே உங்கள் பெயருடன் இருக்கும், அடியில் `Message yourself` என்று எழுதியிருக்கும். அதைத் திறந்து, நோட்டின் படத்தை உங்களுக்கே அனுப்புங்கள். அனுப்பும் முன் மேலே `HD` என்று ஒரு குறி தெரிந்தால் அதை அழுத்தாதீர்கள், அழுத்தினால் படம் பெரிதாகவே போகும். பிறகு அனுப்பிய அந்தப் படத்தைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, `Share` என்பதைத் தேர்ந்தெடுத்தால் செயலிகளின் வரிசை வரும். அதில் நம் பாடப் பயிற்சிச் செயலியைத் தொடுங்கள். வரிசையில் அது தென்படவில்லை என்றால், `Share` என்பதற்குப் பதிலாக `Save` கொடுத்துக் கேலரியில் சேமித்து, செயலிக்குள் போய் அந்தப் புதிய பிரதியைத் தேர்ந்தெடுங்கள். கேலரியில் பழைய பெரிய படமும் புதிய சிறிய படமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். `Details` பார்த்து கேபி என்று இருப்பதை எடுக்க வேண்டும்.

முதல் முயற்சியில் படம் போய்ச் சேர்ந்தது, ஆனால் வேறு ஒரு குறை வந்தது. நோட்டின் இரண்டு பக்கங்களையும் விரித்து ஒரே படமாக எடுத்திருந்தார்கள். பெரிய படத்தில் நன்றாகத் தெரிந்த பென்சில் எழுத்து, சிறிதாக்கிய படத்தில் மங்கிவிட்டது. 5-க்கும் ¼-க்கும் நடுவே பிள்ளை விட்டிருந்த இடைவெளி குறைவு என்பதால் அது 51/4 என்று கொள்ளப்பட்டு விடை வந்தது. ஆகவே படத்தைச் சிறிதாக்குவதாக இருந்தால், படத்துக்குள் இருப்பதையும் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு கணக்கு மட்டும் போதும். செல்போனை நோட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நேராகப் பிடித்து, அந்தக் கணக்கு மட்டும் திரையை நிறைக்கும்படி எடுங்கள். பிள்ளை வினாவைப் பேனாவால், முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் நடுவே ஒரு விரல் இடம் விட்டு எழுதட்டும். இப்படி எடுத்தால் நோட்டின் மேல் ஓரத்தில் இருக்கும் பிள்ளையின் பெயரும் படத்தில் வராது, அதுவும் நல்லதே.

இரண்டாவது படம் ஒரு கணக்கை மட்டும் கொண்டிருந்தது. அனுப்பும் முன், `Settings` என்பதில் `Display` பகுதிக்குப் போய், `Screen timeout` என்பதை 30 நொடியிலிருந்து 2 நிமிடமாக மாற்றிக்கொண்டோம். படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எதையும் தட்டச்சு செய்யாமல், வட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். கணக்கின்படி அரை நிமிடம் போதும் என்றாலும், உண்மையில் முக்கால் நிமிடத்துக்குச் சற்று மேலேயே ஆனது. அந்த நேரத்தில் அழைப்பு வந்தாலோ வேறு செயலிக்குப் போனாலோ மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வட்டம் மறைந்த பின்பு “இந்தப் படத்தில் உள்ள கணக்கை முதலில் எழுதிக்காட்டி, பிறகு விளக்கவும்” என்று எழுதி அனுப்பினோம். விடையின் முதல் வரியிலேயே 5¼ − 2⅔ என்று இருந்தது.

அந்த முதல் வரியைத்தான் பெற்றோர்கள் நோட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கணக்கு முழுவதும் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதில்லை, நோட்டில் உள்ள எண்களும் விடையின் தொடக்கத்தில் உள்ள எண்களும் ஒன்றா என்று பார்த்தால் போதும். ஒன்றாக இல்லையென்றால் பிள்ளை அதை எழுத வேண்டாம். இந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டால், 5¼ என்பது 21/4 ஆகும், 2⅔ என்பது 8/3 ஆகும். இரண்டையும் 12-இன் மேல் கொண்டுவந்தால் 63/12, 32/12. கழித்தால் 31/12, அதாவது 2 7/12. இந்த எண்கள் உங்கள் பிள்ளையின் விடையில் வரவில்லை என்றால் படம் போகவில்லை அல்லது தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஏற்கெனவே அனுப்பிய படம் போனதா என்று ஐயம் இருந்தால், செயலியை முழுவதும் மூடிவிட்டு மறுபடி திறந்து அந்த உரையாடலைப் பாருங்கள். போய்ச் சேர்ந்த படம் உங்கள் வரிக்கு மேலே அப்படியே இருக்கும். போகாத படம் மறைந்துபோய், நீங்கள் எழுதிய வரி மட்டும் தனியாக நிற்கும். அப்படியிருந்தால், பழைய உரையாடலின் அடியிலேயே படத்தைச் சேர்க்காமல் புதிய உரையாடலைத் தொடங்கி அனுப்புங்கள். பழைய உரையாடலில் மாதிரிக் கணக்கு ஏற்கெனவே இருப்பதால், எது தன் கணக்குக்கு வந்த விடை என்று பிள்ளை குழம்பிவிடும்.

ஒரு பிள்ளையின் வீட்டில் மட்டும் காரணம் வேறாக இருந்தது. டேட்டா இருந்தும், புதிதாக எடுத்த படம் செயலிக்குள் கண்ணிலேயே படவில்லை. செயலியை முதலில் திறந்தபோது எல்லாப் படங்களையும் பார்க்க அனுமதி கொடுக்காமல் சில படங்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் இப்படி ஒரு வசதி உண்டு. அந்த அனுமதியை மாற்ற வேண்டாம், குடும்பப் படங்கள் செயலிக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. மேலே சொன்ன `Share` வழியில் அனுப்பினால் அந்த அனுமதியே தேவைப்படாது.

சிக்னலும் சேர்ந்து குறைந்த இரவுகளில் கால் எம்பி படமும் போகாமல் இருக்கலாம். அப்போது படத்தை விட்டுவிட்டு, கணக்கையே தட்டச்சு செய்து அனுப்புங்கள். எழுத்து எப்படியும் போய்விடும். முழு எண்ணையும் பின்னத்தையும் ஒட்டி எழுதினால் மறுபடி 51/4 ஆகிவிடும் என்பதால், அடைப்புக்குறி போட்டு இப்படி எழுத வேண்டும்:

```
(5 + 1/4) - (2 + 2/3)
```

இனி வீட்டுப்பாடத்தைப் பாடநூலின் கணக்கு எண்ணாக மட்டும் சொல்லிவிடாமல், தட்டச்சு செய்ய வேண்டிய இந்த வடிவத்தையும் சேர்த்துக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். பிள்ளைகள் அதை நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள். வடிவியல் படங்கள் வரும் பாடத்துக்கு இந்த வழி உதவாது. அதற்குப் படம்தான் அனுப்ப வேண்டும் என்பதால், அந்தப் பாடம் தொடங்கும் முன் `Message yourself` முறையை எல்லாரும் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

மாதிரிக் கணக்கை எழுதிவந்த பிள்ளைகளுக்கு மதிப்பெண் எதையும் குறைக்கவில்லை. அவர்கள் 5¼ − 2⅔ ஐ மட்டும் திங்கட்கிழமைக்குள் செய்துவந்தால் போதும். செல்போனில் எந்த இடத்திலாவது தடைபட்டால், திரையில் தெரிவதை அப்படியே ஒரு தாளில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள், அல்லது மாலை பள்ளி விடும் நேரத்தில் செல்போனுடன் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு கணித ஆசிரியை